கலந்துரையாடலை நடத்துபவர் கையில் இருக்க வேண்டிய தாள்

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிற சில்லறைக் கடைக்காரர் பொழுதுபோக்குக்காக வருவதில்லை. காலை வியாபாரத்தை விட்டுவிட்டு, கல்லாவில் மகனையோ கடைப்பையனையோ உட்கார வைத்துவிட்டு வருகிறார். அவர் மனத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். தராசு முத்திரை பற்றியதாக இருக்கலாம், பாக்கெட் லேபிள் பற்றியதாக இருக்கலாம், வரி பற்றியதாக இருக்கலாம். அதற்குப் பதில் தெரிந்தால் போதும் என்றுதான் நாற்காலியில் வந்து உட்காருகிறார்.

மேடையில் நான்கு பேர் இருக்கிறார்கள். முதலாமவர் 20 நிமிடம் பேசுகிறார். இரண்டாமவர் 25 நிமிடம். மூன்றாமவர் பேசும்போதே பின்பக்கம் பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. நான்காமவர் அவசர அவசரமாக முடிக்கிறார். "காலத்தின் அருமை கருதிக் கேள்வி நேரம் கைவிடப்படுகிறது" என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். வந்தவர் கேள்வியைக் கொண்டுவந்தபடியே திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார். பின்னொரு நாள் ஆய்வாளர் கடைக்கு வரும்போது, அந்தப் பதில் அவருக்கு அபராதமாகக் கிடைக்கிறது.

இதற்குப் பேச்சாளர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. எவ்வளவு நேரம் பேச வேண்டும், எதைப் பேச வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த மூன்றையும் முன்கூட்டியே தாளில் எழுதி, பேச்சாளர்களுக்கும் சொல்லி, மேடையில் அதன்படி நடத்துவதுதான் நெறியாளரின் வேலை. மாவட்டக் கூட்டங்களிலும் ஊர்ச் சங்கக் கூட்டங்களிலும் பல ஆண்டுகளாக இந்தப் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்திருப்பதால், அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது என்பதை ஒரே ஓர் உதாரணத்தை வைத்து இங்கே விளக்குகிறோம்.

உதாரணத்துக்குத் தலைப்பு: "பாக்கெட் போட்டு விற்கும் பலசரக்கு: எடை, லேபிள், வரி." நேரம் காலை 11 மணி முதல் 12.30 வரை. மேடையில் நால்வர். அனுபவமுள்ள பலசரக்கு வணிகர் ஒருவர், எடையளவுச் சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறை ஆய்வாளர், உணவுப் பாதுகாப்பு அலுவலர், ஆடிட்டர்.

முதலில் நேரக் கணக்கு

நம்மிடம் இருப்பது 90 நிமிடம். கல்லாவில் இருக்கும் பணத்தை எண்ணிய பிறகுதான் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கிறோம். அதுபோல, இந்த 90 நிமிடத்தைப் பங்கு போட்ட பிறகுதான் பேச்சாளர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

பங்கு இப்படி அமையலாம். நெறியாளரின் முன்னுரை 2 நிமிடம், நால்வரின் அறிமுகம் 3 நிமிடம், ஆக 5. முதல் சுற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி. பதிலுக்கு 5 நிமிடம், கேள்வியைச் சொல்ல ஒரு நிமிடம், ஆக நால்வருக்கும் 24. இரண்டாம் சுற்றில், ஒருவர் சொன்னதை வைத்து இன்னொருவரைக் கேட்கும் கேள்விகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் கேள்வியும் பதிலும் சேர்த்து 5 நிமிடம், ஆக 20. சபையிலிருந்து வரும் கேள்விகளுக்கு 30. முடிவுரைக்கு 6. கையிருப்பாக 5. மொத்தம் 90.

இதில் இரண்டு தொகைகளை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்று, சபைக்கு ஒதுக்கிய 30 நிமிடம். ஒரு கேள்வியைப் படிக்க அரை நிமிடம், பதிலுக்கு 2 நிமிடம் என்றால் இதில் 12 கேள்விகள் அடங்கும். கடைக்காரர் வந்ததே இதற்காகத்தான். இரண்டு, கையிருப்பான 5 நிமிடம். இப்படி ஒன்று இருப்பது நெறியாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். பேச்சாளரிடம் சொன்னால் அவர் அதைத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

மேடையில் எத்தனை பேர் என்பதையும் இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. இன்னாரைக் கூப்பிட்டால் அன்னார் வருத்தப்படுவார் என்று எட்டுப் பேரைக் கூப்பிட்டால், முதல் சுற்றுக்கே 48 நிமிடம் போய்விடும். பிறகு வெட்டப்படுவது சபையின் கேள்வி நேரமாகத்தான் இருக்கும். ஆகவே 90 நிமிடத்துக்கு நால்வருக்கு மேல் வேண்டாம். மற்றவர்களுக்குத் தொடக்க நிகழ்ச்சியிலோ மாலை நிகழ்ச்சியிலோ மரியாதை செய்துகொள்ளலாம். அமைச்சரையோ சிறப்பு விருந்தினரையோ இந்த வரிசையில் உட்கார வைக்கவே கூடாது. அவர்களிடம் நேரக் கணக்குக் காட்ட முடியாது. அவர்களுக்குத் தொடக்கவுரை கொடுப்பதுதான் முறை. பொன்னாடையும் நினைவுப் பரிசும்கூட அந்தத் தொடக்க நிகழ்ச்சியோடு முடிந்துவிட வேண்டும். நான்கு பொன்னாடையும் நான்கு புகைப்படமும் கலந்துரையாடலுக்குள் வந்தால் கையிருப்பு அங்கேயே கரைந்துவிடும்.

ஒரு வாரம் முன்பு செய்ய வேண்டியது

பேச்சாளரை நேரத்தில் நிறுத்துவது மேடையில் நடக்கிற காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் பெரும்பகுதி ஒரு வாரத்துக்கு முன்பே நடந்துவிட வேண்டும். அழைப்புக் கடிதத்தில் "தாங்கள் கலந்துகொண்டு உரையாற்ற வேண்டும்" என்று எழுதினால், அவர் உரை தயாரித்துக்கொண்டுதான் வருவார். தயாரித்துக்கொண்டு வந்த உரையைப் பாதியில் நிறுத்தச் சொல்வது அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

"இது சொற்பொழிவு நிகழ்ச்சி அன்று, கேள்வி பதில் நிகழ்ச்சி. தங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி கீழே உள்ளது. அதற்கு 5 நிமிடத்தில் பதில் கூற வேண்டுகிறோம். பிறகு உடன் அமர்ந்திருப்பவர்களோடு ஒரு சுற்று உரையாடலும், வணிகர்களின் கேள்விகளும் இருக்கும்."

கடிதம் போன மறுநாள் தொலைபேசியில் ஒருமுறை பேச வேண்டும். அப்போது மூன்று விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, அவர் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது. முன்னெழுத்தைத் தமிழில் சொல்வதா ஆங்கிலத்தில் சொல்வதா, டாக்டர் பட்டம் உண்டா, பதவியின் சரியான பெயர் என்ன என்று அவர் வாயாலேயே கேட்டு, அவர் சொன்னபடியே எழுத வேண்டும். இரண்டாவது, அவர் பேச விரும்பாத விஷயம் ஏதாவது உண்டா என்பது. மூன்றாவது, அந்த 5 நிமிடத்தில் அவர் கட்டாயம் சொல்ல விரும்பும் ஒரு கருத்து எது என்பது. இந்த மூன்றாவது மிகவும் உதவும். அந்தக் கருத்தை அவர் மேடையில் சொல்லிவிட்டால், அவர் பேச்சு உண்மையில் முடிந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தால், அவரை அதை நோக்கித் திருப்பலாம்.

அரசு அலுவலர்களை அழைக்கும்போது கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வருவதற்கு மேலதிகாரியின் அனுமதி தேவைப்படும் என்பதால் கடிதம் அலுவலகம் வழியாகப் போக வேண்டும். அரசின் கொள்கையைக் குறை கூறிப் பேச அவர்களின் நடத்தை விதிகள் இடம் தராது. ஆகவே "இந்தச் சட்டம் நியாயமா?" என்று அவர்களைக் கேட்பதில் பயனில்லை. "இந்தச் சட்டப்படி நாங்கள் எதைச் செய்ய வேண்டும்? நீங்கள் கடைக்கு வந்தால் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டால் அவர் தயக்கமில்லாமல் சொல்வார். சட்டம் நியாயமா என்ற கேள்வியை நம் வணிகரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அறிமுகம்: மூன்று வாக்கியம் போதும்

அறிமுகத்தில் நேரம் வீணாவதற்குக் காரணம், பேச்சாளர் அனுப்பிய விவரக் குறிப்பை அப்படியே படிப்பதுதான். அவர் எந்த ஆண்டு எந்தக் கல்லூரியில் படித்தார் என்பது கடைக்காரருக்குத் தேவையில்லை. பெயரும் பதவியும் ஒரு வாக்கியம். அவருக்கும் நம் கடைக்கும் என்ன சம்பந்தம் என்பது ஒரு வாக்கியம். இன்று அவரிடமிருந்து எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பது ஒரு வாக்கியம். உதாரணமாக:

"இடப்புறம் முதலில் அமர்ந்திருப்பவர் தொழிலாளர் துறை ஆய்வாளர் திரு. … அவர்கள். நம் தராசின் முத்திரையையும், பாக்கெட் மீதுள்ள எடை, விலை விவரங்களையும் பார்ப்பது இவர்கள் துறை. பொட்டலம் கட்டி விற்பவர்கள் அதன் மீது எதையெல்லாம் குறிப்பிட வேண்டும் என்பதை இன்று இவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்."

இதை நிதானமாகப் படித்தால் அரை நிமிடம். வணக்கமும் கைதட்டலும் சேர்த்து முக்கால் நிமிடம். நால்வருக்கு 3 நிமிடம். மூன்றாவது வாக்கியத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பேச்சாளர் எந்த எல்லைக்குள் பேசப் போகிறார் என்பதை அவர் முன்னிலையிலேயே சபைக்குச் சொல்லிவிடுகிறோம். பிறகு அவர் வேறு பக்கம் போனால், அந்த வாக்கியத்தை நினைவூட்டி அழைத்து வரலாம்.

யாரை முதலில் அறிமுகம் செய்வது என்பதில் மனத்தாங்கல் வரக்கூடும். அமர்ந்திருக்கும் வரிசைப்படியே அறிமுகம் செய்கிறோம் என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே எழாது. புகழ்ச்சியும் நால்வருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் நான்கு வரி கூடினால் மற்ற மூவரும் அதை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி வரிசை: சரக்கு போகும் வழியே

அறிமுகத்துக்கு அமர்ந்திருக்கும் வரிசை. கேள்விக்கு அந்த வரிசை உதவாது, பதவி வரிசையும் உதவாது. சரக்கு எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியே கேள்வி போக வேண்டும். நம் உதாரணத்தில் துவரம்பருப்பு மூட்டை கடைக்கு வருகிறது. மூட்டையைப் பிரித்து அரைக் கிலோவாக நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறோம். லேபிள் ஒட்டுகிறோம். பில் போட்டு விற்கிறோம். ஆகவே முதல் கேள்வி வணிகருக்கு, இரண்டாவது எடையளவு ஆய்வாளருக்கு, மூன்றாவது உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு, நான்காவது ஆடிட்டருக்கு.

முதல் சுற்றுக்குத் தாளில் எழுதும் கேள்விகள் இவை:

வணிகரிடம்: "அண்ணாச்சி, மூட்டை வந்து இறங்கியதிலிருந்து அரைக் கிலோ பொட்டலம் தட்டுக்குப் போகிற வரை உங்கள் கடையில் என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்லுங்கள்."

ஆய்வாளரிடம்: "ஐயா, இந்தப் பொட்டலத்தின் மீது எந்தெந்த விவரம் இருக்க வேண்டும்? தராசுக்கு முத்திரை எத்தனை நாளைக்கு ஒருமுறை?"

உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம்: "அம்மா, பொட்டலம் கட்டுபவருக்கு என்ன பதிவு அல்லது உரிமம் வேண்டும்? அதன் எண்ணை எங்கெங்கே குறிக்க வேண்டும்?"

ஆடிட்டரிடம்: "சார், இந்தப் பருப்பை மூட்டையாக விற்றால், பொட்டலமாக விற்றால், வாடிக்கையாளர் எதிரில் நிறுத்துக் கொடுத்தால், இந்த மூன்றுக்கும் ஜி.எஸ்.டி. எப்படி?"

ஒவ்வொரு கேள்வியும் "என்ன, எத்தனை, எங்கே, எப்படி" என்று இருப்பதைக் கவனிக்கலாம். "இதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுங்கள்" என்று கேட்டால் அதற்கு முடிவே கிடையாது. எண்ணிச் சொல்லக்கூடிய பதிலைக் கேட்டால், எண்ணி முடித்ததும் அவரே நிறுத்திவிடுவார்.

நெறியாளர் தம் தாளின் ஓரத்தில், வர வேண்டிய பதிலையும் சுருக்கமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பொட்டலத்தின் மீது: பொருளின் பெயர், பொட்டலம் கட்டியவர் பெயரும் முகவரியும், நிகர எடை, தேதி விவரம், எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, அலகு விலை, நுகர்வோர் புகார் தெரிவிக்கும் முகவரி. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை. உணவுப் பாதுகாப்பு எண் 14 இலக்கம். பேச்சாளர் இவற்றில் ஒன்றை விட்டுவிட்டால், "அலகு விலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் ஐயா" என்று எடுத்துக்கொடுக்கலாம். அவருக்கு உதவியாகவும் இருக்கும், சபைக்கும் குறை இருக்காது.

வரிசை மாறினால் என்ன கெடும் என்பதை இரண்டாம் சுற்றுக் கேள்வி ஒன்றில் பார்க்கலாம். நம் கடைகளில் நாள்தோறும் நடப்பது இது: காலையில் கூட்டம் வருவதற்கு முன்பே கடைப்பையன் 40 பொட்டலம் அரைக் கிலோ பருப்பு கட்டி அடுக்கி வைக்கிறான். லேபிள் இல்லை. இது சில்லறை எடையா, பாக்கெட்டா? இதற்கு வரி உண்டா?

இந்தக் கேள்வியை முதலில் ஆடிட்டரிடம் கேட்டால் அவர் சுற்றி வளைத்துத்தான் பேச வேண்டியிருக்கும். காரணம், 2022 ஜூலை 18 அன்று அரிசி, பருப்பு, மாவு போன்றவற்றின் மீது வந்த 5 சதவீத வரி, "முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிளிட்ட" 25 கிலோ வரையிலான சரக்குக்கு என்று அமைந்தது. எது அப்படிப்பட்ட பொட்டலம் என்பதற்கு வரி விதி தனியாக விளக்கம் சொல்லாமல், 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தைக் காட்டுகிறது. அந்தச் சட்டமோ, வாங்குபவர் எதிரில் இல்லாதபோது, முன்பே தீர்மானித்த அளவில் பொதியில் வைத்த பொருள் எல்லாம் முன்கூட்டியே பொட்டலமிட்டதுதான், ஒட்டியிருந்தாலும் ஒட்டாவிட்டாலும் என்கிறது. அதாவது வரியின் சாவி எடையளவு ஆய்வாளர் கையில் இருக்கிறது. எனவே தாளில் இப்படி எழுத வேண்டும்:

"ஆய்வாளர் ஐயாவிடம் முதலில் ஒரு கேள்வி. வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே அரைக் கிலோவாகக் கட்டி வைத்தால், அது உங்கள் சட்டப்படி பொட்டலமா? … நன்றி ஐயா. ஆடிட்டர் சார், ஐயா சொன்னதைக் கேட்டீர்கள். லேபிள் ஒட்ட வேண்டிய பொட்டலத்தில் லேபிள் ஒட்டாமல் விட்டால் வரியிலிருந்து தப்பிவிட முடியுமா? வாடிக்கையாளர் எதிரில் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் எப்படி?"

ஆய்வாளர் "ஆம், பொட்டலம்தான்" என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். லேபிள் இல்லாதது வரிவிலக்கு ஆகாது என்பதையும், எதிரில் நிறுத்துக் கொடுத்தால் கணக்கே வேறு என்பதையும் ஆடிட்டர் அடுத்த மூன்று நிமிடத்தில் தெளிவாக்கிவிடுவார். இரண்டு பேர் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய இப்படிப்பட்ட கேள்விகளைத்தான் இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். தனித்தனிச் சொற்பொழிவில் கிடைக்காத பலன் இதில்தான் கிடைக்கிறது.

மரியாதை குறையாமல் நிறுத்துவது

நேரம் முடிந்தால் துண்டுச் சீட்டு அனுப்புவது நம் மேடைகளின் வழக்கம். அதில் ஒரு தொல்லை உண்டு. சீட்டைப் பார்த்ததும் பேச்சாளர் "சீட்டு வந்துவிட்டது, நேரமாகிவிட்டதாம்" என்று சபையைப் பார்த்துச் சிரித்து, அதைப் பற்றியே இரண்டு நிமிடம் பேசுவார். சபையும் சிரித்துக் கைதட்டும். அவர் உற்சாகமாகிவிடுவார். சீட்டைவிட வண்ண அட்டை நல்லது. முன் வரிசையில் நடுவில் ஒருவரை உட்கார வைத்து, ஒரு நிமிடம் மீதி இருக்கும்போது மஞ்சள் அட்டை, முடிந்ததும் சிவப்பு அட்டை காட்டச் சொல்ல வேண்டும். மேடை ஏறுவதற்கு 10 நிமிடம் முன்பு நால்வரையும் ஒன்றாக வைத்து அந்த அட்டைகளைக் காட்டி, "நால்வருக்கும் இதே அட்டைதான்" என்று சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் பொது என்று தெரிந்தால் யாருக்கும் அவமானமாகத் தோன்றாது.

ஒலிபெருக்கி விஷயத்திலும் ஓர் ஏற்பாடு வேண்டும். நெறியாளருக்கு ஒரு மைக், நால்வருக்கும் சேர்த்துக் கைமாற்றிக்கொள்ள ஒரு மைக். ஆளுக்கொரு மைக் கொடுத்தால் ஒருவர் பேச்சில் மற்றவர் நுழைவார். ஒரே மைக் என்றால் பேசி முடித்தவர் அடுத்தவரிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எக்காரணம் கொண்டும் மைக்செட்காரரிடம் சொல்லிச் சத்தத்தைக் குறைக்கச் செய்யக் கூடாது. அதைப் பேச்சாளர் மறக்கமாட்டார், அவருடைய அலுவலகமும் மறக்காது.

யார் நேரத்தைத் தாண்டப் போகிறார் என்பதை முன்பே கண்டுகொள்ளலாம். "இறுதியாக" என்ற சொல் இரண்டாம் முறை வந்தால், முடிவு இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். "இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும்" என்று வந்தாலும் அப்படியே. அப்போது குறுக்கிடும் இடமும் முக்கியம். தமிழில் வாக்கியம் வினைச்சொல்லில் முடிகிறது. "வேண்டும்", "இருக்கிறது", "ஆகும்" என்று காதில் விழுந்தவுடன், அடுத்த வாக்கியம் தொடங்குவதற்குள் நெறியாளர் பேசிவிட வேண்டும். வாக்கியத்தின் நடுவே புகுந்தால்தான் அது குறுக்கீடு.

என்ன சொல்வது என்பதை மேடையில் யோசிக்கக் கூடாது. மூன்று படிகளாகத் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

முதல் படி, அவர் கடைசியாகச் சொன்னதை எடுத்துக்கொண்டு நகர்வது: "ஐயா சொன்ன இந்த ஒரு வரியைக் கடைக்காரர்கள் எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். இதிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கிறது. அதை ஆடிட்டர் அவர்களிடம் கேட்கிறோம்." பெரும்பாலும் இதிலேயே காரியம் முடிந்துவிடும். நிறுத்தச் சொன்னதாகவே அவருக்குத் தோன்றாது.

இரண்டாம் படி, பாக்கியைப் பின்னால் தருவதாகச் சொல்வது: "ஐயா, இதே விஷயம் பற்றிச் சபையிலிருந்து சீட்டுகள் வந்திருக்கின்றன. அந்த உதாரணத்தைக் கேள்வி நேரத்தில் சொன்னால் கேட்டவருக்கே நேராகப் பதிலாகிவிடும்." இதைச் சொன்னால், கேள்வி நேரத்தில் மறக்காமல் அவரிடம் வர வேண்டும். வராவிட்டால் மற்ற மூவரும் அடுத்த வாக்குறுதியை நம்பமாட்டார்கள்.

மூன்றாம் படி, நெறியாளர் எழுந்து நின்று கைகூப்பிச் சொல்வது: "பொறுத்துக்கொள்ள வேண்டும் ஐயா. கடையை விட்டு வந்தவர்களை 12.30க்கு அனுப்பி வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த வாக்கை ஐயாதான் காப்பாற்றித் தர வேண்டும்." இதை ஒரு கூட்டத்தில் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தினால் பலம் போய்விடும்.

நம் மூத்த வணிகர்களுக்குத் தனி வழி வேண்டும். அவர்கள் நேரத்தை மீறுவது பழைய அனுபவங்களைச் சொல்லும்போதுதான். அவர்களிடம் உரிமையோடு பேசலாம்: "அண்ணாச்சி, அந்தக் கதையை மதியச் சாப்பாட்டில் சுற்றி உட்கார்ந்து கேட்கிறோம். இப்போது மூட்டையைப் பிரிக்கிற இடத்துக்கு வாருங்கள்." இதே சொற்களை அதிகாரியிடம் சொல்ல முடியாது என்பதால்தான் தாளில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் அவரவருக்கு ஏற்ற வாக்கியத்தை எழுதி வைக்க வேண்டும் என்கிறோம். "சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள்" என்பதை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது. அதைக் கேட்டவர் மனம் புண்படும், பேச்சும் சுருங்காது.

சபையின் கேள்விகள் சீட்டில் வர வேண்டும்

கேள்வி நேரத்தில் மைக்கைச் சபைக்குள் அனுப்பினால் இரண்டு சங்கடங்கள் வரும். ஒன்று, கேள்வி கேட்க எழுந்தவர் சொற்பொழிவு செய்வார். இரண்டாவதுதான் பெரிது. "நான் லேபிள் இல்லாமல் பொட்டலம் கட்டி விற்கிறேன், என்ன ஆகும்?" என்று ஆய்வாளர் முகத்தைப் பார்த்து எழுந்து நின்று கேட்க எந்தக் கடைக்காரருக்கும் துணிவு வராது. ஆனால் அவருக்குத் தேவையான கேள்வி அதுதான். ஆகவே வாசலிலேயே ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, பெயரும் கடையின் பெயரும் எழுதாமல் கேள்வியை மட்டும் எழுதச் சொல்ல வேண்டும். எழுதச் சிரமப்படுகிறவர்களுக்குத் தொண்டர் ஒருவர் எழுதித் தரலாம்.

முதல் சுற்று முடிவதற்குள் இரண்டு தொண்டர்கள் சீட்டுகளைச் சேகரித்துவிட வேண்டும். விஷயம் தெரிந்த ஒருவர் மேடையின் பக்கவாட்டில் அமர்ந்து அவற்றைப் பேச்சாளர் வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரே கேள்வி பல சீட்டில் வந்திருந்தால் ஒன்றாக்கி, எண்ணிக்கையை மேலே குறிக்க வேண்டும். "இதை 9 பேர் கேட்டிருக்கிறார்கள்" என்றால் பேச்சாளரும் அக்கறையோடு பதில் சொல்வார். தமக்கு வந்த நோட்டீஸ் பற்றியோ, ஓர் அலுவலர் மீதான புகார் பற்றியோ எழுதியிருந்தால் அதை மேடையில் படிக்கக் கூடாது. அவற்றைத் தனியாக எடுத்து வைத்து, "சொந்த விவகாரம் எழுதியவர்கள் கூட்டம் முடிந்ததும் ஆடிட்டரை இடப்புற மேசையில் சந்திக்கலாம்" என்று பொதுவாக அறிவித்தால் போதும். அதற்கு ஆடிட்டரின் சம்மதத்தை முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

யாராவது எழுந்து பேசத் தொடங்கிவிட்டால்: "உங்கள் கேள்வியை நாம் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று பாருங்கள். தராசு பழுதாகிப் புதுத் தராசு வாங்கும் வரை என்ன செய்வது என்பதுதானே? ஐயாவிடம் கேட்டுவிடுகிறோம்" என்று அவர் கேள்வியை நாமே ஒரே வரியில் சொல்லிப் பேச்சாளரிடம் திரும்பிவிடலாம்.

தாமதமாகத் தொடங்கினால்

தொடக்க நிகழ்ச்சி நீண்டு, 11 மணிக்குத் தொடங்க வேண்டியது 11.25க்குத் தொடங்கும் நாளும் உண்டு. இருப்பது 65 நிமிடம்தான். அப்போது பேச்சாளர்களிடம் போய் "எல்லோரும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றால் ஒருவரும் குறைக்கமாட்டார்கள். எதை வெட்டுவது என்று தாளின் பின்பக்கத்திலேயே இரண்டாவது கணக்கு எழுதி வைத்திருக்க வேண்டும்.

அறிமுகத்துக்கும் முன்னுரைக்கும் அதே 5 நிமிடம். முதல் சுற்றில் பதிலுக்கு 4 நிமிடமாகக் குறைத்தால் 20. இரண்டாம் சுற்றில் நான்கு கேள்விக்குப் பதிலாக ஒன்றே ஒன்று, லேபிள் இல்லாத பொட்டலக் கேள்வி மட்டும், அதற்கு 7. சபைக்கு 25. முடிவுரை 4. கையிருப்பு 4. மொத்தம் 65. இழந்த 25 நிமிடத்தில் 13 இரண்டாம் சுற்றிலிருந்து போகிறது. சபைக்குப் போவது 5 நிமிடம்தான். 12 கேள்விக்குப் பதில் 10 கேள்வி. விடுபட்ட இரண்டாம் சுற்றுக் கேள்விகள் மீது யாராவது சீட்டு எழுதியிருந்தால் அவை அங்கே வந்துவிடும்.

முடிவுரையில் நெறியாளர் எல்லாவற்றையும் மறுபடி சொல்லத் தேவையில்லை. "நாளைக் காலை கடையைத் திறந்ததும் முதலில் எதைச் செய்ய வேண்டும்? ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்" என்று நால்வரையும் கேட்டு, அந்த நான்கு வாக்கியங்களையும் ஒருமுறை திருப்பிப் படித்துவிட்டு நன்றி சொல்லிவிடலாம். நேரமின்றிப் பதில் சொல்லாமல் விட்ட சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாமல் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றுக்குரிய பதில்களைப் பேச்சாளர்களிடம் எழுத்தில் வாங்கி, அடுத்த இதழில் போடலாம். அடுத்த கூட்டத்துக்குத் தலைப்புத் தேடும்போதும் அந்தக் கட்டைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.